ஆர்டரில் டஜன், பில்லில் ஜோடி

பில் பாஸ் செய்கிற வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வகைத் தகராறு அலுத்துப்போகும் அளவுக்குப் பழக்கம். பர்ச்சேஸ் ஆர்டரில் விலை டஜனுக்குப் போட்டிருக்கும். சப்ளையர் அனுப்பிய இன்வாய்ஸில் அதே சரக்கு பீஸ் கணக்கில் வந்திருக்கும். கம்ப்யூட்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பொருந்தவில்லை என்று பில்லை நிறுத்திவைக்கும். இரண்டு போன், ஒரு மெயில், பில் விடுபடும். இதில் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிறுத்திவைத்த பில்லால் பெரிய நஷ்டம் வருவதில்லை என்பது உண்மைதான். நஷ்டம் வருவது அதை விடுவிக்க யாரோ செய்கிற திருத்தத்தில். அதைவிட மோசம், நிறுத்தப்பட வேண்டியதாக இருந்தும் நிற்காமல் போய்விடுகிற பில். இந்த இரண்டையும் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

ஒரே ஒரு சரக்கை எடுத்துக்கொள்வோம். வேலைத்தளத்தில் போட்டுக்கொள்கிற துணிக் கையுறை. வேண்டுமென்றே கையுறையைத் தேர்ந்தெடுக்கிறேன், ஏனென்றால் அதற்கு ஒன்றல்ல, மூன்று கணக்கு உண்டு: டஜன், ஜோடி, ஒற்றை. ஆர்டர் இப்படி: கையுறை, 50 டஜன், டஜன் 100 வீதம், மொத்தம் 5000. டஜன் என்றால் இங்கே 12 ஜோடி. இது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்து யாரும் ஆர்டரில் எழுதவில்லை.

சரக்கு வந்தது. சலானில் 600 ஜோடி. ஸ்டோரில் எண்ணிப் பார்த்து, 50 டஜன் வந்தது என்று ரசீது போட்டார்கள். ஸ்டோர்காரர்கள் பெரும்பாலும் சரியாகத்தான் செய்வார்கள், அவர்கள் கையில் சரக்கே இருக்கிறது. பிறகு பில் வருகிறது. அது எப்படியெல்லாம் வரலாம்?

சாதாரணமாக 600 ஜோடி, ஜோடி 8.33, மொத்தம் 4998 என்று வரும். சில சமயம் 1200 பீஸ், பீஸ் 4.17, மொத்தம் 5004 என்று வரும். சப்ளையரின் மென்பொருளில் கையுறையை ஒற்றையாகப் பதிந்திருப்பார்கள், அவ்வளவுதான். இந்த இரண்டிலும் பணம் சரி, பேச்சுமொழிதான் வேறு. அபூர்வமாக 600 ஜோடி, விலை 100, மொத்தம் 60000 என்று ஒரு பில் வரும். எண்ணிக்கையை ஜோடிக்கு மாற்றியவர்கள் விலையை மாற்றவில்லை. இன்னும் அபூர்வமாக எதிர்ப்பக்கம் போகும்: 50, விலை 8.33, மொத்தம் 416.50. இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு பாஸ் பண்ணிவிடுகிறவர்களும் உண்டு. மூன்று மாதம் கழித்து மீதிக்கு சப்ளையர் துணை பில் அனுப்புவார். அப்போது ஆர்டரை மூடிவிட்டிருப்பார்கள், எதன் மேல் பதிவது என்று தெரியாமல் எல்லாரும் முழிப்பார்கள்.

நான்கையும் பிரித்தறிய இரண்டு வகுத்தல் போதும். பில்லில் உள்ள எண்ணிக்கையை ஆர்டர் எண்ணிக்கையால் வகுங்கள். பில்லில் உள்ள விலையை ஆர்டர் விலையால் வகுங்கள். இரண்டு விடைகளையும் பெருக்குங்கள். முதல் பில்லுக்கு 12, 0.0833, பெருக்கினால் 0.9996. ஒற்றைக் கையுறை பில்லுக்கு 24, 0.0417, பெருக்கினால் 1.0008. பெருக்கல் 1-ஐ ஒட்டி வந்து, தனித்தனி விடைகள் 1-ஐ விட்டு வெகுதூரம் போயிருந்தால், அது யூனிட் வேறுபாடு மட்டுமே. 60000 பில்லுக்கு 12, 1, பெருக்கினால் 12. பணம் தப்பு. 416.50 பில்லுக்கு 1, 0.0833. அதுவும் பணம் தப்பு, ஆனால் மறுபக்கம்.

உண்மையான விலை உயர்வும் எண்ணிக்கைக் குறைவும் இவ்வளவு தூரம் போகாது. விலை ஏறினால் விடை 1.03, 1.05 என்று நிற்கும். சரக்கு குறைந்தால் 0.96, 0.9 என்று நிற்கும். 12, 24, 144, 10, 100, 1000, அல்லது இவற்றின் தலைகீழ் எண்கள் வந்தால் அது சந்தையின் வேலை அல்ல, யூனிட்டின் வேலை. 144 என்பது க்ரோஸ், பன்னிரண்டு டஜன். பட்டன், திருகாணி மாதிரிச் சில்லறைச் சாமான்களில் அந்தக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. 100-ம் 1000-மும் பெரும்பாலும் விலை அடிப்படையிலிருந்து வரும். நூற்றுக்கு இவ்வளவு, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று விலை பேசியிருப்பார்கள், பில்லில் ஒன்றுக்கு என்று வந்திருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "யூனிட் பிரச்சினைதான், பாஸ் பண்ணிடலாம்" என்று தோன்றுகிற நேரம்தான் மற்ற தப்புகள் உள்ளே நுழைகிற நேரம். அதே கையுறைக்கு 600 ஜோடி, ஜோடி 8.50, மொத்தம் 5100 என்று பில் வந்தால் என்ன செய்வீர்கள்? ஆர்டரில் 100 என்று பார்த்த கண்ணுக்கு 8.33-ம் 8.50-ம் ஒன்றுபோலவே தெரியும். பெருக்கிப் பார்த்தால் டஜன் 102 ஆகிறது, அதாவது இரண்டு சதவீத விலை உயர்வு. டஜனிலேயே 102 என்று எழுதி வந்திருந்தால் எந்தக் குமாஸ்தாவும் உடனே கேட்டிருப்பார். சப்ளையர் வேண்டுமென்று ஒளித்தார் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அவருடைய விலைப்பட்டியல் புதுப்பிக்கப்பட்டிருக்கும், நம் ஆர்டர் பழைய விலையில் போயிருக்கும். ஆனால் யூனிட் மாறியதால் அது கண்ணில் படாமல் போகும். ஆகவே முதலில் யூனிட்டை ஒன்றாக்க வேண்டும், அப்புறம்தான் விலையையும் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றினால் வித்தியாசம் முழுவதையும் யூனிட் மேல் போட்டுவிடுவோம்.

எவ்வளவு வித்தியாசத்தைத் தசமத்தின் மேல் போடலாம் என்பதற்கும் ஒரு அளவு இருக்கிறது. விலையை இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால், ஒரு ஜோடிக்கு அதிகபட்சம் 0.005 வரை பிசகலாம். 600 ஜோடிக்கு 3. முதல் பில்லில் வித்தியாசம் 2, அது தசமத்தால் வந்ததுதான். 1200 பீஸுக்கு எல்லை 6, வித்தியாசம் 4, அதுவும் சரி. 8.50 பில்லில் வித்தியாசம் 100, எல்லை 3. ஆக அது தசமம் அல்ல. அரை பைசாவை எண்ணிக்கையால் பெருக்குங்கள், அதற்குள் வந்தால் விடுங்கள், தாண்டினால் கேளுங்கள். எங்கள் மேஜையில் "நூறுக்குள்ள வந்தா விடு" என்று ஒரு பழக்கம் ரொம்ப நாள் ஓடியது. நூறு என்ற அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. 8.50 பில் அந்தப் பழக்கத்தில் சரியாக நூறில் உட்கார்ந்து போய்விடும் என்பதைக் கவனியுங்கள்.

இனி, பில் நின்றபிறகு நடப்பது.

கம்ப்யூட்டர் மூன்று தாள்களை ஒப்பிடுகிறது: ஆர்டர், சரக்கு ரசீது, பில். ஆர்டரில் 50, ரசீதில் 50, பில்லில் 600. வந்ததைவிட 550 அதிகமாகப் பில் போட்டிருக்கிறார்கள் என்று அது நினைக்கிறது. அதற்கு 50-க்கும் 600-க்கும் நடுவில் உள்ள 12 தெரியாது. தெரிய வேண்டுமானால் இரண்டு விஷயம் நடந்திருக்க வேண்டும். சரக்குப் பதிவில் 1 டஜன் = 12 ஜோடி என்ற மாற்று விகிதம் இருக்க வேண்டும். பில் பதிகிறவர் 600-க்குப் பக்கத்தில் ஜோடி என்ற யூனிட்டைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பல திரைகளில் யூனிட் கட்டம் ஆர்டரிலிருந்து தானாக வந்து உட்கார்ந்துவிடும். பதிகிறவர் எண்ணை மட்டும் அடிப்பார். டஜன் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 600 என்று விழும்.

அப்புறம் போன் வரும். பெரும்பாலும் அந்தப் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"சார், கையுறை பில்லுல 600 இருக்கு. நீங்க 50தான் வரவு வச்சிருக்கீங்க."

"600 வந்துச்சு சார். 50 டஜன்."

"பில்லு 600ன்னு இருக்குறதால பாஸ் ஆக மாட்டேங்குது. வரவை 600ன்னு மாத்தி விட முடியுமா? மாசக் கடைசி, சப்ளையர் பேமென்ட்டுக்கு நச்சரிக்கிறாரு."

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. 600 வந்தது, 50 டஜனும் வந்தது. ஆனால் அந்த ரசீதில் யூனிட் டஜன். அதில் 600 என்று மாற்றினால் 600 டஜன் வந்ததாகப் பதிவாகும், 7200 ஜோடி. ஆர்டர் 50-தானே, கம்ப்யூட்டர் எப்படி விடும் என்று கேட்கலாம். கூடுதல் வரவை அனுமதிக்கலாம் என்று ஆர்டரில் ஒரு டிக் இருக்கும், அல்லது ஆர்டரையே 600 என்று திருத்திவிடுவார்கள். பில் உடனே விடுபடும். சப்ளையருக்குப் பணம் சரியாக 4998 போகும். மேலோட்டமாகப் பார்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

உள்ளே என்ன ஆகிறது என்று பாருங்கள். சரக்கு வரவு ஆர்டர் விலையில் மதிப்பிடப்படும். 600 டஜன், டஜன் 100, ஆக 60000 மதிப்புள்ள சரக்கு வந்ததாக ஸ்டாக் கணக்கு ஏறும். பில் வந்து 4998 என்று சொல்லும். நடுவில் 55002 தொங்கும். சரக்குக்கு நிலையான விலை வைத்துக் கணக்குப் பார்க்கும் நிறுவனத்தில் அந்த 55002 கொள்முதல் விலை வித்தியாசக் கணக்கில் லாபமாக உட்காரும். கொள்முதல் பிரிவு அந்த மாதம் பிரமாதமாகப் பேரம் பேசியதாக அறிக்கை சொல்லும். சராசரி விலை முறையில் கணக்குப் பார்க்கும் இடத்தில் ஸ்டாக் மதிப்பு சுருங்கி, டஜன் 8.33 என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு கையுறை வாங்கிக்கொள்கிற ஒவ்வொரு பிரிவின் செலவுக் கணக்கிலும் பன்னிரண்டில் ஒரு பங்குதான் விழும். இதைக் கணக்குப் பிரிவு எப்போதாவது கண்டுபிடிக்கும், கேள்வி கேட்கும்.

ஆனால் முதலில் அடிபடுவது வேலைத்தளம். மாதம் 25 டஜன் செலவாகும், கையிருப்பு 25 டஜனுக்கு வந்தால் மறு ஆர்டர் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரில் 600 டஜன் இருக்கிறது. மாதம் 25 குறைத்தால் 25-க்கு வந்து சேர 23 மாதம் ஆகும். அதுவரை அது ஆர்டர் போடாது. நிஜ அலமாரியில் இருந்தது 50 டஜன், இரண்டே மாதத்தில் காலி. திரையில் 550 டஜன் இருக்கிறது, அலமாரியில் ஒரு ஜோடி இல்லை. அப்போது எல்லாரும் தேடுவது திருடனை. இரண்டு மாதம் முன்பு பாஸ் ஆகி, பணமும் போய், கோப்பில் மூடிவைத்த ஒரு பில்லை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இதனால்தான் இந்த வேலையில் எனக்குப் பிடிவாதம் ஒன்று உண்டு: பில்லுக்காக ரசீதைத் தொடக்கூடாது. ரசீது கண்ணால் பார்த்து எண்ணியதன் பதிவு. மூன்று தாள்களில் அது ஒன்றுதான் சரக்கைப் பார்த்தது. பில் மாறலாம், ஆர்டரும் இரு தரப்பும் பேசி மாறலாம். ரசீது மாற வேண்டுமானால் யாராவது போய்த் திரும்ப எண்ணியிருக்க வேண்டும். சரி, அப்படியானால் 600 பில்லை என்ன செய்வது? பில் பதிவில் யூனிட்டை ஜோடி என்று மாற்றிப் பதிவது முதல் வழி. மாற்று விகிதம் சரக்குப் பதிவில் இருந்தால் கம்ப்யூட்டரே 600-ஐ 50 ஆக்கிப் பொருத்திக்கொள்ளும். விகிதம் இல்லையென்றால் அதைச் சேர்க்கச் சொல்ல வேண்டும், ஒரு முறை செய்தால் போதும். அதுவும் முடியாத பழைய மென்பொருள் என்றால் பில்லை 50 டஜன், 4998 என்று பதிந்து, குறிப்பில் "பில்லில் 600 ஜோடி, 12-ஆல் வகுத்தது" என்று எழுதிவைக்கலாம். பில்லின் மேல் பேனாவால் திருத்துவது மட்டும் வேண்டாம். அது சப்ளையரின் தாள், அவர் கணக்கில் 600 தான் இருக்கிறது, தணிக்கையில் இரண்டையும் பக்கத்தில் வைப்பார்கள்.

60000 பில்லுக்கு இந்த வழி எதுவும் பொருந்தாது. அது திரும்பிப் போக வேண்டும். பகுதிப் பணம் கொடுத்துவிட்டு மீதியை "தகராறு" என்று வைத்திருப்பதும் சிக்கல்தான், சப்ளையரின் பேரேட்டில் 55000 நம் பேரில் பாக்கி நிற்கும், அதற்கு நினைவூட்டுக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். கிரெடிட் நோட் அல்லது திருத்திய பில் கேளுங்கள். கேட்கும்போது "பில் தவறு" என்று மட்டும் எழுதினால் ஒரு வாரம் போய்விடும். எதிர்ப்பக்கத்தில் இருப்பவரும் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்தான். "ஆர்டர் 50 டஜன், டஜனுக்கு 100. உங்கள் பில்லில் 600 ஜோடி, ஜோடிக்கு 100. 600 ஜோடி என்பது 50 டஜன், அதனால் 5000 வர வேண்டும், 60000 வந்திருக்கிறது" என்று இரண்டு யூனிட்டையும் இரண்டு விலையையும் எழுதிவிட்டால் அவருக்கு யோசிக்க வேண்டியதில்லை.

பில் கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கே போகிற இடங்களில் இன்னொரு நுணுக்கம் வரும். மின் இன்வாய்ஸில் யூனிட்டை எழுத்தில் எழுதுவதில்லை, குறியீடு போடுவார்கள். பெப்போல் என்ற சர்வதேச மின் இன்வாய்ஸ் முறையில், ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வெளியிட்ட பரிந்துரை 20 என்ற பட்டியலிலிருந்து அந்தக் குறியீடுகள் வருகின்றன. அதில் டஜனுக்கு `DZN`, பீஸுக்கு `H87`, ஜோடிக்கு `PR`. டஜன் ஜோடி என்பதற்கே தனியாக `DPR` என்று ஒன்று இருக்கிறது. நம் கையுறைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. வெறும் "ஒன்று" என்பதற்கு `C62` என்ற குறியீடு. வம்பு இங்கேதான் தொடங்கும். எந்த யூனிட் என்று தெரியாதபோது பல மென்பொருள்கள் தாமாகவே `C62` போட்டுவிடும். 50 டஜன் என்று மனிதன் அடித்தது 50 "ஒன்று" என்று போய்ச் சேரும். பில்லின் அச்சுப் பிரதியில் டஜன் என்றே இருக்கும், உள்ளே போகிற கோப்பில் `C62` இருக்கும். இரண்டு பேரும் ஆளுக்கொன்றைப் பார்த்துக்கொண்டு போனில் வாதாடுவார்கள். அந்த நேரத்தில் கோப்பைத் திறந்து குறியீட்டைப் பாருங்கள், தாளைப் பார்க்காதீர்கள்.

தசமச் சிக்கலுக்கும் அங்கே ஒழுங்கான தீர்வு இருக்கிறது. எண்ணிக்கையை ஜோடியில் வைத்துக்கொண்டு, விலையை மட்டும் பன்னிரண்டுக்கு என்று சொல்லலாம். பெப்போல் முறை மின் இன்வாய்ஸில் அது இப்படி இருக்கும்:

```xml
<cbc:InvoicedQuantity unitCode="PR">600</cbc:InvoicedQuantity>
<cbc:BaseQuantity unitCode="PR">12</cbc:BaseQuantity>
```

விலைக் கட்டத்தில் 100 என்று இருக்கும். கணக்கு இப்படி ஓடும்:

```
600 × (100 ÷ 12) = 5000.00
```

8.33 எங்கும் வராது, இரண்டு ரூபாய் வித்தியாசம் எங்கும் தொங்காது. ஒரே நிபந்தனை, இரண்டு வரியிலும் யூனிட் குறியீடு ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணிக்கையில் `PR` போட்டுவிட்டு விலை அடிப்படையில் "1 `DZN`" என்று போடத்தான் கை வரும், மனிதனுக்கு அதுதான் இயல்பாகத் தோன்றும். பெப்போல் விதி அதை ஏற்காது, பில் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். பெரிய மென்பொருள்களில் ஆர்டர் போடும்போதே இந்த "விலை எத்தனைக்கு" என்ற கட்டம் இருக்கும். பெரும்பாலோர் அதை 1 என்றே விட்டுவிடுகிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சத்தம் போடுகிற வேறுபாடுகள். பன்னிரண்டு மடங்கு என்பது தூரத்திலிருந்தே தெரியும். சத்தம் போடாதது ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்கு உண்மையில் கவலை.

அதே கையுறையைப் பெட்டிக் கணக்கில் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு 12 ஜோடி, பெட்டி 100. ஆர்டர் 30 பெட்டி. சரக்கு 30 பெட்டி வந்தது. பில் 30 பெட்டி, 3000. மூன்று தாளும் அச்சு அசலாகப் பொருந்துகின்றன. எந்த விளக்கும் எரியாது, பில் யார் கையும் படாமல் பாஸ் ஆகிவிடும். ஆனால் தயாரிப்பாளர் இந்த முறை பெட்டிக்கு 10 ஜோடி போட ஆரம்பித்துவிட்டார். 360 ஜோடிக்குப் பதிலாக 300 வந்திருக்கிறது. ஜோடி விலை 8.33-லிருந்து 10 ஆகிவிட்டது, இருபது சதவீதம். ரசீது போட்டவர் எண்ணியது பெட்டியை, அதையும் சரியாகத்தான் எண்ணினார். கம்ப்யூட்டரில் விகிதம் இன்னும் 12, அதனால் ஸ்டாக்கில் 360 ஜோடி ஏறிவிட்டது.

டஜனுக்கு இந்த ஆபத்து கிடையாது. டஜன் என்றால் 12, யாரும் அதை மாற்ற முடியாது. பெட்டி, பாக்கெட், கட்டு, கார்ட்டன், செட் என்பவையெல்லாம் யூனிட் மாதிரி வேஷம் போடுகிற பொட்டலங்கள். அவற்றின் உள்ளே எத்தனை என்பது வேறொருவர் முடிவு செய்வது. ஆகவே பெயர் வேறுபடுகிற பில்லைவிட, பெயர் ஒத்துப்போய் உள்ளடக்கம் வேறுபடுகிற பில் எனக்குப் பெரிய தலைவலி. இதில் மேலே சொன்ன வகுத்தல் பரிசோதனையும் வேலை செய்யாது. இரண்டு விடையும் 1 தான்.

இதைப் பிடிக்கிற வாய்ப்பு ஒரு இடத்தில் தானாக வருகிறது: பார்கோடு. பெட்டியில் இருக்கும் பொருள்களின் எண்ணிக்கை மாறினால் அந்தப் பெட்டிக்குப் புதிய எண் கொடுக்க வேண்டும் என்பது பார்கோடு எண்களுக்கு விதி வகுக்கும் ஜி.எஸ்.1 அமைப்பின் விதி. விதியை மதிக்கிற தயாரிப்பாளர் என்றால் 10 ஜோடிப் பெட்டியின் பார்கோடு 12 ஜோடிப் பெட்டியின் பார்கோடாக இருக்காது. ஸ்டோரில் ஸ்கேன் செய்தால் "இந்த எண் பதிவில் இல்லை" என்று வரும். அதுதான் எச்சரிக்கை மணி. நடைமுறையில் நடப்பது என்னவென்றால், ஸ்கேன் வேலை செய்யவில்லை என்று சலித்துக்கொண்டு பழைய சரக்கு எண்ணைக் கையால் அடித்துவிடுவார்கள். லாரி வாசலில் நிற்கும்போது யாரைக் குறை சொல்ல? அதனால் ஸ்டோரில் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் கேட்டுக்கொள்வேன். பார்கோடு ஏற்காத பெட்டியை ஒன்று திறந்து எண்ணிவிட்டு, அப்புறம் கையால் அடிக்கட்டும். முப்பதையும் திறக்க வேண்டாம்.

நம் பக்கம் ஆர்டரிலேயே செய்யக்கூடியது, பெட்டி என்று விட்டுவிடாமல் எண்ணிக்கையை ஜோடியில் எழுதுவது. "கையுறை, 360 ஜோடி (பெட்டிக்கு 12 ஜோடி வீதம் 30 பெட்டி), 12 ஜோடிக்கு 100." கொஞ்சம் நீளம்தான். ஆனால் 30 பெட்டியும் 300 ஜோடியும் வந்தால் அறுபது குறைவு என்று பேச ஒரு பிடி கிடைக்கிறது. வெறும் "30 பெட்டி" என்று எழுதியிருந்தால் சப்ளையர் ஒப்பந்தப்படி 30 பெட்டி கொடுத்தேன் என்பார், நமக்குப் பதில் இருக்காது.

ஏன் டஜனில் இல்லாமல் ஜோடியில்? இதற்குப் பதில் கிரெடிட் நோட்டில் கிடைக்கும். 7 ஜோடி கிழிந்து வந்தது, திருப்பி அனுப்புகிறோம். சரக்குப் பதிவின் அடிப்படை யூனிட் டஜன் என்றால், 7 ஜோடி என்பது 0.58333 டஜன். மூன்று தசமம் வைத்திருக்கிற மென்பொருளில் 0.583. அதைத் திரும்பப் பெருக்கினால் 6.996 ஜோடி. சப்ளையர் 7 என்பார், நம் கணக்கு 6.996 என்னும், பொருந்தாது. தினசரி வினியோகத்திலும் இதே கதை. ஒரு ஜோடி கொடுத்தால் 0.083 டஜன் குறையும். பன்னிரண்டு முறை ஒவ்வொரு ஜோடியாகக் கொடுத்தால் 0.996 தான் குறைந்திருக்கும். அலமாரியில் ஒன்றுமில்லை, திரையில் 0.004 டஜன் மிச்சம். இந்தப் பொடி மிச்சங்கள் ஆண்டுக் கணக்கெடுப்பில் பக்கம் பக்கமாக வரும். அவற்றைப் பூஜ்யமாக்க ஒருவர் நாள் முழுக்க உட்காருவார். இனி பிரிக்க முடியாது என்கிற சிறிய அளவை அடிப்படை யூனிட்டாக வைத்தால் இது வராது. கையுறைக்கு அது ஜோடி. ஒற்றை அல்ல, ஒற்றைக் கையுறையை யாரும் கொடுக்கவோ வாங்கவோ போவதில்லை. ஜோடியில் ஸ்டாக், டஜனில் ஆர்டர், 12-க்கு விலை என்று மூன்றும் மூன்று யூனிட்டில் இருக்கலாம், விகிதம் ஒன்று சரியாக இருந்தால் போதும்.

ஏற்கெனவே டஜனை அடிப்படையாக வைத்து ஓடிக்கொண்டிருக்கிற சரக்கை ஜோடிக்கு மாற்றுவது சுலபமில்லை. இருப்பும் பழைய ஆவணங்களும் இருக்கும்போது பல மென்பொருள்கள் அடிப்படை யூனிட்டைத் தொடவே விடாது, அது நியாயமும்கூட. இல்லையென்றால் நேற்றைய 50 டஜன் இன்று 50 ஜோடி ஆகிவிடும். ஜோடியை அடிப்படையாக வைத்துப் புதிய சரக்கு எண் ஒன்று திறந்துவிடுவதுதான் வழி. பழைய எண்ணில் நிற்கிற ஆர்டர்களுக்கு மீதி சரக்கையும் பில்லையும் முடித்துக்கொண்டு, புதிய ஆர்டர் எதுவும் அதில் போகாமல் பூட்ட வேண்டும். பிறகு அலமாரியில் இருப்பதை எண்ணி, பழைய எண்ணில் டஜனாக வெளியே எடுத்து, புதிய எண்ணில் ஜோடியாக உள்ளே வைக்க வேண்டும், மதிப்பு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும்படி. பில் வராமல் சரக்கு மட்டும் வந்து நிற்கிற ஆர்டர் ஒன்றாவது பழைய எண்ணில் இருந்தால் காத்திருங்கள். அந்தப் பில் எந்த யூனிட்டில் வரப்போகிறது என்று யாருக்கும் தெரியாது.